இ-யில் தொடங்கச் சொன்ன பருப்பு மில்காரரும் ட-வில் தொடங்கிய புஷ்பம் மிஸ்ஸும்

செல்வபுஷ்பம் மிஸ்ஸுக்கு வேனில் ஏறினால் வாந்தி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அவருக்கு இருந்த ஆபத்து அதுதான். உயிருக்கு ஆபத்தில்லை, மானத்துக்கு ஆபத்தில்லை. வேன். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி, பன்னிரண்டு ஊர் சுற்றி, நாற்பது பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வரும் எங்கள் பள்ளியின் மஞ்சள் வேன். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பொறுப்பில் அதில் அவர் ஏற்கெனவே மூன்று வருடம் போனவர். முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாராம். டிரைவர் அவரை 'ஊறுகாய் மிஸ்' என்றுதான் கூப்பிடுவாராம். அதிலிருந்து தப்பி யூகேஜி வகுப்புக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

பள்ளி சாத்தூர் பக்கம், பஸ் நிற்கும் என்று சொல்லிக்கொள்ளும் ஊர். நான் அங்கே கம்ப்யூட்டர் மிஸ். கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதுவும் அலுவலக அறையில், கரஸ்பாண்டன்ட் ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால். பி.எஸ்ஸி. கணினி அறிவியல் முடித்த முனீஸ்வரி என்று எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் தீக்குச்சி அடுக்குகிறவள், கைநாட்டு. இவ்வளவு படித்துவிட்டு நான் செய்த வேலை, கட்டண ரசீது அடிப்பது, ஆண்டு விழா அழைப்பிதழில் ரோஜாப்பூ ஒட்டுவது. இதற்காகவா படித்தோம் என்று தினமும் பதினொரு மணிக்கு ஒருமுறை யோசிப்பேன். பதினொன்றே காலுக்கு டீ வந்துவிடும்.

ஜூன் மாதம் ஒருநாள் புஷ்பம் மிஸ் கை நிறைய அட்டைத் துண்டுகளோடு வந்து என் மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து.

"ஏ முனீஸு, எனக்கு எழுத்து மேல எழுதிப் பழகுற தாள் போட்டுத் தரணும். கடையில விக்கிற புக்கு வேண்டாம்."

"ஏன் மிஸ், அதுல அ, ஆ, இ, ஈ எல்லாம் அழகா இருக்குமே? அணில், ஆடு, இலைனு படம் வேற."

"அணில் நல்லாத்தான் இருக்கு. நீ ஒரு அ எழுது பாப்போம். மெதுவா."

எழுதினேன். சுழித்து, வளைத்து, வயிற்றைத் தள்ளி, குறுக்கே ஒரு படுத்த கோடு இழுத்து, பக்கத்தில் நட்டுக்குத்தலாக ஒரு கோடு.

"பாத்தியா? ஒரே எழுத்துல கைக்கு நாலு வேல. பென்சிலை இப்பத்தான் அஞ்சு விரலாலயும் கொத்தாப் பிடிக்கிற பிள்ளைக்கு முதநாளே இதக் குடுத்தா எப்படி இருக்கும்? சைக்கிள் ஓட்டத் தெரியாதவனக் கூப்பிட்டு லாரிய ரிவர்ஸ் எடுடான்னு சொன்ன மாதிரி. வாயால சொல்றதுக்கு அ, ஆ வரிசை நல்ல வரிசை. பாட்டாப் பாடட்டும். கைக்கு வேற வரிசை வேணும்."

அவர் தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பினார். முதலில் எழுத்தே இல்லை. நிற்கிற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு. எங்கள் பள்ளியில் இவற்றை ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று விதி. அவர் அதை மதித்ததே இல்லை. "தூங்குதுன்னா அதை எழுப்பக் கூடாதுல்ல" என்பார்.

நிற்கிற கோட்டின் அடியில் படுத்த கோட்டை வைத்தால் ட. அதன் நுனியை மேலே தூக்கினால் ப. ப-வின் வலது கையை உயர்த்தி உள்பக்கமாக மடக்கி இறக்கினால் ம. ப-வை ஒட்டி இன்னொரு ப போட்டால் ய. ப-வைக் கவிழ்த்தால் கால், அதாவது ா. அந்தக் கவிழ்த்ததன் அடியில் சாய்வாக ஒரு வால் இழுத்தால் ர. இதுவரை சுழியே கிடையாது. பிறகு அரைவட்டம், முழுவட்டம் என்று ஒரு வாரம் கையை வளைக்கப் பழக்கிவிட்டு க, ச, த. மூன்றும் ஒரே குடும்பம், த மட்டும் வாலைக் கீழே தொங்கவிடும். அப்புறம்தான் சுழிக்காரர்கள்: வ, ல, ள, ன, ண. கடைசியில் ங, ஞ, ழ, பிறகு அ, ஆ, கடைசிக்கும் கடைசியாக இ.

"இ-ன்னா அவ்வளவு கஷ்டமா மிஸ்?"

"நீயே எழுதிப் பாரு. எங்க தொடங்கி எங்க போயி எங்க வந்து நிக்கிறேன்னு உனக்கே தெரியாது. நம்ம வேன் மாதிரி."

முதல் தாள்களை நான் அன்றே போட்டுவிட்டேன். கணினி படித்தவளுக்கு இது என்ன பெரிய வேலை? எழுத்தைப் பெரிதாக்கினேன், உள்ளிருந்த கறுப்பை எடுத்தேன், ஓரத்தைப் புள்ளிக்கோடாக மாற்றினேன், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் இருபத்தாறு பிள்ளைகளும் எழுதிய தாள்களைப் புஷ்பம் மிஸ் என் முன்னால் போட்டார். எழுத்துரு என்பது உள்ளே கோடே இல்லாத ஒன்று, சுற்றுச்சுவர் மட்டும்தான் என்பது கல்லூரியில் மூன்று வருடம் படித்த எனக்கு அன்றுதான் உறைத்தது. பிள்ளைகள் புள்ளி இருந்த இடமெல்லாம் விசுவாசமாகப் போய், ட-வைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத் திரும்பியிருந்தார்கள். பாமா என்ற பெண் அந்தச் சுவருக்குள் பச்சை வண்ணம் அடித்து, ஒரு ஜன்னலும் வைத்திருந்தாள்.

"எழுத்துக்கு வேலி போட்டுக் குடுத்திருக்க. பட்டா வாங்கிட்டியா?" என்றார் புஷ்பம் மிஸ்.

அதன் பிறகு ஒவ்வொரு எழுத்தையும் நடுக்கோடாக, ஒற்றைக் கோடாக, மவுசைப் பிடித்து நானே வரைந்தேன். பென்சிலை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு நட்சத்திரம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு ஓர் அம்பு. முதல் தாளில் பக்கம் முழுக்க ஒரே எழுத்து, அதில் விரலால் மட்டும் ஓட்ட வேண்டும். அடுத்ததில் சாம்பல் நிறத்தில் முழுக்கோடு. அடுத்ததில் விட்டுவிட்டுக் கோடு. அடுத்ததில் புள்ளிகள். அதற்கடுத்ததில் நட்சத்திரம் மட்டும். கடைசியில் அதுவும் இல்லாத வெறும் கட்டம். மெய்யெழுத்து வந்தபோது இன்னொரு வேடிக்கை. புள்ளிகளால் ஆன ம்-இல், தலைமேல் இருக்கிற புள்ளி எது என்று கடவுளுக்கே தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அதை விட்டுவிட்டார்கள். அதைக் கறுப்பாக, மிளகு அளவில் தனியாக வைத்தோம். பிறகு விடவில்லை. சிலர் ஒன்றுக்கு மூன்றாக வைத்தார்கள்.

ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் அம்மாவின் பெயர் பாப்பம்மா. ப, ம, கால், புள்ளி. முதல் வரிசையிலேயே முடிந்துபோகிற பெயர். இது மூளையில் தட்டியதும் எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அம்மா இரண்டு ப எழுதினாள். மூன்றாவதில் சீரியல் தொடங்கிவிட்டது. "கைநாட்டுதான் வெரசா முடியும் பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தாளில் மறுநாள் வடகம் காய்ந்தது.

வகுப்பில் அப்படி இல்லை. ட, ப, ம, கால், புள்ளி கைக்கு வந்ததுமே புஷ்பம் மிஸ் சுவரில் சொற்களை எழுதி ஒட்டினார். படம், பட்டம், மாடம், மட்டம். பிள்ளைகளுக்கு மட்டம் என்ற சொல் மிகவும் பிடித்துவிட்டது. குறிப்பாகப் பாமாவுக்கு. அவள் அப்பா வீட்டில் ரேஷன் அரிசியைப் பார்த்து அப்படித்தான் சொல்வாராம். "உப்புமா மட்டம். வேன் மட்டம். முனீஸ்வரி மிஸ் மட்டம்" என்று வராண்டாவில் நடந்துகொண்டே அறிவிப்பாள்.

தீபாவளி முடிந்த வாரம் அவள் தன் பெயரைத் தானே எழுதினாள். யாரும் சொல்லவில்லை. ப, கால், ம, கால். எழுதிவிட்டு அதைப் பள்ளி முழுக்க எழுதினாள். தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு, கடைசியில் கரஸ்பாண்டன்ட் ஐயாவின் காரில், புழுதியின் மேல்.

அங்கேதான் வந்தது வினை.

கரஸ்பாண்டன்ட் தங்கமாரியப்பன் ஐயாவுக்குப் பருப்பு மில் இருக்கிறது. பாமாவின் அப்பா அந்த மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஐயாவின் பேரனும் அதே யூகேஜியில், பாமாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் இளஞ்செழியன். பெயர் வைப்பதற்குத் தமிழாசிரியர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, பாயசம் போட்டு வைத்த பெயர். இ, ள, ஞ், செ, ழி, ய, ன். இதில் ஒரே ஒரு எழுத்துத்தான் அவனுக்கு அப்போது எழுத வந்தது. ய.

ஐயா புஷ்பம் மிஸ்ஸை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் பின்னால் கம்ப்யூட்டரில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, லோடுமேன் மக என் கார்ல பேரு எழுதுறா. என் பேரனக் கேட்டா 'ய' மட்டும் எழுதிட்டு 'தாத்தா, இது என் பேர்ல ஆறாவதா வரும்'ங்கான். என்ன பாடம் நடத்துறீங்க?"

"சரியாத்தான் சொல்லியிருக்கான் ஐயா. ஆறாவதுதான்."

"நான் அதக் கேக்கல. ஊர் உலகத்துல அ, ஆ, இ, ஈ. உங்களுக்கு மட்டும் ட, ப, ம. அது யாருக்குச் சாதகமாப் போட்ட வரிசை?"

"கைக்குச் சாதகம் ஐயா. பாமா அப்பா பேரு வைக்கும்போது பிள்ள கை வலிக்குமேன்னு யோசிச்சிருக்கார். நீங்க யோசிக்கல. அதுக்கு நான் என்ன செய்ய?"

கீபோர்டில் என் விரல் தானாக நழுவி வரிசையாக எதையோ அடித்தது. இப்படி ஒரு பதிலை நான் கனவில்கூடச் சொல்ல மாட்டேன். கனவிலும் அவர் முன்னால் எழுந்து நிற்பேன்.

ஐயா கத்தவில்லை. கத்தாதபோதுதான் அவரைக் கண்டு பயப்பட வேண்டும். "பொங்கலுக்கு முந்தி பெற்றோர் நாள் இருக்கு. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என் பேரன் போர்டுல எழுதணும். எழுதலன்னா, தை பொறந்ததும் நீங்க வேனுக்குப் போயிருங்க. யூகேஜிக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன். கடையில விக்கிற புக்கயும் வாங்கிக்கிறேன்."

புஷ்பம் மிஸ் வெளியே வந்து தண்ணீர் குடித்தார். "வேன்னு சொன்னதுமே கொமட்டுது பிள்ள" என்றார். ஆனால் வரிசையை மாற்றவில்லை. அடுத்த நாளும் க, ச, த-தான்.

வரிசையை மாற்றியது நான்.

அன்று சாயங்காலம் ஐயா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அதுவரை என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. "நீ காலேஜ் படிச்ச பொண்ணு. உனக்கு வெவரம் தெரியும். என் பேரனுக்கு மட்டும் இ-ல தொடங்கி, அவன் பேரு வரிசையிலயே தாள் போட்டுக் குடு. வீட்டுல வச்சு எழுதட்டும். புஷ்பத்துக்குத் தெரிய வேண்டாம்."

போட்டுக் கொடுத்தேன். என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன், ஏன் என்று. புஷ்பம் மிஸ்ஸைக் காப்பாற்றத்தான் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், 'உனக்கு வெவரம் தெரியும்' என்று ஒருவர் சொன்னது எனக்கு இனித்தது. இ-க்கு இருபது தாள், ள-வுக்குப் பதினைந்து, ஞ்-க்கு இருபது. மவுசைப் பிடித்து ஞ் வரைந்தபோது எனக்கே மூன்று தடவை கோணிப்போயிற்று. அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா?

செழியனுக்கு டிசம்பரில் வயிற்று வலி வந்தது. காலையில் மட்டும் வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. அவன் அம்மா தினமும் பத்துத் தாள் எழுத வைத்துவிட்டுத்தான் சோறு போட்டிருக்கிறாள். முன்பெல்லாம் வகுப்பில் ஓடிவந்து பென்சிலை எடுக்கிறவன், இப்போது பென்சிலைப் பார்த்தாலே கையை டவுசருக்குள் விட்டுக்கொண்டான்.

ஒருநாள் புஷ்பம் மிஸ் அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். பக்கம் முழுக்க இ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் விழுந்து கிடந்தது, சந்தையில் கொட்டின கத்தரிக்காய் மாதிரி. ஓர் இடத்தில் பென்சில் தாளைக் கிழித்தே விட்டிருந்தது.

"யார் போட்டதுன்னு அவங்க அம்மாகிட்ட கேட்டேன். மதுரையில இருந்து வரவழைச்சதுன்னு சொல்லுது."

"அப்படியா மிஸ்?"

"மதுரக்காரனும் தொடங்குற இடத்துல அஞ்சு முனை நட்சத்திரம்தான் போடுறான். அதுவும் ஒரு முனை லேசாக் கோணலா. என்னா பொருத்தம் பாத்தியா?"

மன்னிச்சிருங்க மிஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அழுது கிழுது வைக்காத. கம்ப்யூட்டர்ல தண்ணி பட்டா ஐயா உன் சம்பளத்துல பிடிப்பார்" என்றார். பிறகு, "வேன்ல எனக்குப் பக்கத்து சீட்டு உனக்குத்தான். பை நீதான் பிடிக்கணும்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் செழியனை எழுதவே சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் வ, ல, ள எழுத, அவன் மணலில் விரலால் கோடு போட்டான், இல்லாவிட்டால் பாமா எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்றோர் நாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. நான் ஓட்டைப் பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்து நல்லதாக ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெற்றோர் நாளன்று பந்தல் போட்டு, மைக் வைத்து, கரும்பு கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் ஐயா, வெள்ளை வேட்டி, அதற்கு மேல் தொப்பை. பின்னால் மில் ஆட்கள், பாமாவின் அப்பாவும் அவர்களோடு நின்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கரும்பலகையில் ஏதாவது எழுதிவிட்டுப் போனார்கள். பாமா தன் பெயரை எழுதி, அடியில் கோடு போட்டு, மைக்கிலும் சொன்னாள்.

"அடுத்து நம்ம கரஸ்பாண்டன்ட் ஐயாவின் பேரன் இளஞ்செழியன்" என்று அறிவித்தார்கள். ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் அம்மா கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். என் பக்கத்தில் நின்ற புஷ்பம் மிஸ் எலுமிச்சம்பழம் ஒன்றை இடுப்பில் செருகியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஒத்திகை போலிருக்கிறது.

செழியன் சாக்பீஸைப் பிடித்து இ-யைத் தொடங்கினான். பாதி வளைவில் கை நின்றுவிட்டது. உள்ளங்கையால் அழித்தான். மறுபடி தொடங்கினான், மறுபடி அழித்தான். பந்தலில் யாரோ இருமினார்கள்.

"எழுது ராசா, இ" என்றார் ஐயா, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி.

அவன் திரும்பித் தாத்தாவைப் பார்த்தான். நல்ல பார்வை அல்ல. பிறகு பலகையின் பக்கம் திரும்பி, இ-யை ஒரே வீச்சில் அழித்துவிட்டு, வேறொன்றை எழுதத் தொடங்கினான். கை நிற்கவில்லை. த, கால். த, அதன் தலையில் மிளகளவு புள்ளி. த, கால். ஐயாவின் முகம் மலர்ந்தது. "தாத்தா! தாத்தான்னு எழுதுறான்யா!" என்று பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்தார். கைதட்டல் தொடங்கியது.

செழியன் நிறுத்தவில்லை. கொஞ்சம் இடம் விட்டான், அப்படித்தான் விட வேண்டும் என்று புஷ்பம் மிஸ் சொல்லியிருந்தார். ம. ட், புள்ளி. ட. ம், புள்ளி. எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தான். மைக் அவன் வாயருகே இருந்தது.

"தாத்தா... மட்டம்."

கைதட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. முதலில் சிரித்தவர் பாமாவின் அப்பா. சிரித்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கரும்புக்குப் பின்னால் போய்விட்டார். அதற்குள் பந்தலே சிரித்துவிட்டது. செழியனின் அம்மாவும் சிரித்தாள், கைபேசி குலுங்கியது. மாமனாரைப் பற்றி அவள் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்ததை மகன் எழுத்தில் போட்டுவிட்டான் போலும்.

ஐயா எழுந்தார். பலகைக்கு அருகில் போனார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு அந்த இரண்டு சொற்களையும் மெதுவாகப் படித்தார், பருப்பில் கல் பார்ப்பது போல.

"புஷ்பம்."

"ஐயா."

"எழுத்துல எதும் தப்பு இருக்கா?"

"ஒரு தப்பும் இல்ல ஐயா."

"யாரும் எழுதிக் குடுத்து மனப்பாடமா எழுதுனானா?"

"இதை யாரு ஐயா எழுதிக் குடுப்பா?"

ஐயா இன்னொரு முறை பார்த்தார். பிறகு முன்வரிசைக்குத் திரும்பி உட்கார்ந்து, தொடையில் அடி வாங்கினவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அஞ்சு வயசுய்யா. புள்ளியெல்லாம் ஒண்ணு விடாம வச்சிருக்கான் பாத்தியா?"

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது வேன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடையில் விற்கிற புத்தகமும் வரவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு உத்தரவு வந்தது. சுவரில் ஒட்டிய சொற்களில் மட்டம் என்பதை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாமரம் என்று போட்டேன்.

"எடுத்தா மட்டும் போயிருமாக்கும்? எழுத்து அவங்க கையில இருக்கு. அவங்களே செஞ்சுக்குவாங்க" என்றார் புஷ்பம் மிஸ். மதியத்துக்குள் கழிப்பறைக் கதவில் 'மாமரம் மட்டம்' என்று இருந்தது.

பிப்ரவரி கடைசியில் வரிசைப்படி இ வந்தது. நான் போட்ட தாளைப் பார்த்ததுமே செழியன் கையை டவுசருக்குள் விட்டுக்கொண்டான். புஷ்பம் மிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "அந்தக் கோண நட்சத்திரத்தை எடுத்துரு. அவனுக்கு அதுதான் வயித்த வலி. வெறும் புள்ளி போடு" என்றார்.

இருபத்தாறு தாளையும் மறுபடி அடித்தேன். செழியன் புதுத் தாளைக் கொஞ்ச நேரம் முறைத்தான். வ எழுதிப் பழகின சுழி, ள எழுதிப் பழகின வளைவு, எல்லாம் அதற்குள் கையில் இருந்தன. பென்சிலைப் புள்ளியில் வைத்தான். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒரே மூச்சில் எழுதி முடித்தான்.

வயிறு பெருத்து, கழுத்து குறுகி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அந்த இ. யாரைப் போலிருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வேலை போய்விடுமே என்று சொல்லாமல் இருந்தேன்.

"அட, உங்க தாத்தா!" என்றார் புஷ்பம் மிஸ்.